எல்லாம் ஒரே ட்ரேயில், அப்புறம் ஒவ்வொன்றாய்

போன ஐப்பசியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். "மூட்டு வலிக்கு ஒரு டாக்டரைப் பத்திச் சொன்னியே, அந்த நம்பரை அனுப்பி வையேம்மா" என்றார். "சரி சித்தப்பா, ராத்திரிக்குள்ள அனுப்பிடறேன்" என்றேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது. கை கழுவி, மொய் எழுதி, பஸ் பிடித்து, திருச்சிக்கு வந்து சேர்ந்தபோது அந்தச் "சரி" எங்கேயோ விழுந்திருந்தது. மூன்று வாரம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும், அவர் வேறு யாரிடமோ கேட்டு வாங்கிவிட்டார் என்று. சித்தப்பாவுக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் இனிமேல் என்னிடம் ஒன்று கேட்க யோசிப்பார். அதுதான் எனக்கு வலித்தது.

அந்த மாதக் கடைசியில்தான் கீழே சொல்லும் முறைக்கு மாறினேன். அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் ஆலன் என்பவர் 2001-ல் எழுதிய நூல் வழியாகப் பரவிய முறை இது. முழு முறையில் இன்னும் பல பகுதிகள் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு பகுதிகள் போதும் என்பது என் அனுபவம்: நம்மிடம் வந்து சேரும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுவது, பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து "அடுத்து நான் செய்யப் போவது என்ன" என்று முடிவு செய்வது. முதல் பகுதி சுலபம். இரண்டாவதில்தான் எல்லாரும் வழுக்குகிறோம், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் ட்ரே

எனக்கு முன்பும் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு, டைரியில் ஒரு வரி, போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் படிக்காதது போல் விட்டு வைத்த நாலு செய்தி. பிரச்சினை அங்கேதான் இருந்தது. ஐந்து இடத்தில் எழுதினால், எதை எங்கே எழுதினோம் என்பதைத் தலைதான் ஞாபகம் வைக்க வேண்டும். பாரம் குறையவே இல்லை.

ஏ4 தாள் படுத்துக் கிடக்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ட்ரே வாங்குங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் சாவி மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களை நாலாக வெட்டி, ஒரு கிளிப்பில் மாட்டி, பேனாவோடு அதன் அருகிலேயே இருக்கட்டும். ஒரு துண்டில் ஒரே விஷயம். இது முக்கியம். ஒரே தாளில் பத்து விஷயம் எழுதினால் பிறகு எடுத்துப் பார்க்கும்போது கண் சுலபமானதற்குத் தாவிவிடும், கஷ்டமானது அதே தாளில் கிடந்து பழசாகும். தனித்தனித் துண்டாக இருந்தால் கையில் எடுத்ததற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வெளியே இருக்கும்போது போன். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளலாம். புதிய சாட் தொடங்கும்போது வரும் பட்டியலில் நம் பெயர் `Message yourself` என்ற குறிப்போடு இருக்கும். அந்தச் சாட்டை மேலே பின் செய்து வையுங்கள். யாராவது ஒன்று கேட்ட செய்தியை அப்படியே அங்கே ஃபார்வர்டு செய்யலாம், நடந்துகொண்டே பத்து விநாடி பேசியும் அனுப்பலாம். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அங்கே இருப்பதைத் துண்டுகளில் எழுதி ட்ரேயில் போட்டுவிட்டு, சாட்டைக் காலி செய்துவிடுங்கள். போன் வாய்க்கால், ட்ரேதான் ஏரி. வாய்க்காலிலேயே தண்ணீர் தேங்கிவிட்டால் மறுபடியும் இரண்டு இடம் ஆகிவிடும்.

ஆபீஸ் மெயிலை அச்சடிக்கத் தேவையில்லை. யாரிடமிருந்து, எதைப் பற்றி என்று ஒரு துண்டு போதும். ட்ரேக்குள் அடங்காத பொருளுக்கும் அப்படியே. எங்கள் வீட்டில் ஓடாத மிக்ஸி நாலு மாதம் அலமாரிக்குக் கீழே இருந்தது. "மிக்ஸி, ஜார் சுத்தவில்லை" என்ற துண்டுதான் அதை வெளியே கொண்டு வந்தது.

எழுதும்போது இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதுங்கள். யார், எது, எப்போதைக்கு. நான் முதல் வாரத்தில் "ஸ்டேட்மென்ட்!!" என்று மட்டும் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். நாலு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் எந்த ஸ்டேட்மென்ட், யாருக்கு என்று சுத்தமாக ஞாபகம் இல்லை. அந்தக் கோடுகள் அவசரத்தை மட்டும் வைத்திருந்தன, விஷயத்தை வைத்திருக்கவில்லை. "மேனேஜர் கேட்டது: செப்டம்பர் பேங்க் ஸ்டேட்மென்ட், ஆடிட்டருக்கு, வெள்ளிக்குள்" என்று இருந்திருந்தால் கேள்வியே இல்லை.

எப்போது எழுதுவது என்பதற்கு எனக்கு ஒரே அடையாளம்தான். வாயிலிருந்து "சரி", "அனுப்பறேன்", "கேட்டுச் சொல்றேன்", "பாத்துக்கறேன்" என்று வந்த அந்த நிமிடம். எதிரில் இருப்பவர் தப்பாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். "ஒரு நிமிஷம், எழுதிக்கறேன்" என்று போனை எடுத்தால் அவருக்குச் சந்தோஷம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை

ட்ரே வைத்தாயிற்று. இனி வருவது அதில் விழும். ஏற்கெனவே வீடெங்கும் தலையெங்கும் கிடப்பதை என்ன செய்வது? அதற்கு ஒருமுறை இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். நான் நவம்பர் கடைசி ஞாயிறு காலை காபி குடித்த கையோடு உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணுக்குத் தெரிவது. ஃபிரிட்ஜ் கதவு, கைப்பை, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் ரசீதுகள், மருந்துச் சீட்டு போட்ட டப்பா, போனில் ஸ்கிரீன்ஷாட்டுகள். தாள் என்றால் அதையே ட்ரேயில் போடுங்கள், மற்றதற்குத் துண்டு. பிறகு தலை. இதற்குச் சும்மா யோசித்தால் ஐந்தாறோடு நின்றுவிடும். ஆள் ஆளாக நினைத்துப் பாருங்கள்: வீட்டுக்காரர், பிள்ளைகள், அம்மா, மாமியார், மேனேஜர், பக்கத்து வீட்டு அக்கா. ஒவ்வொருவருக்கும் இரண்டே கேள்வி. இவரிடம் நான் என்ன சொல்லியிருக்கிறேன்? இவர் எனக்கு என்ன சொல்லியிருக்கிறார்? எனக்கு மொத்தம் 83 துண்டு வந்தது. பார்த்ததும் பயமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த 83-ம் முந்தின நாள் வரை என்னோடுதான் சமைத்தது, தூங்கியது.

இந்த நேரத்தில் எந்த வேலையையும் செய்யத் தொடங்காதீர்கள். கேஸ் புத்தகம் கையில் கிடைத்ததும் சிலிண்டர் புக் செய்யப் போனால் அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து இன்னொன்று என்று காலை போய்விடும். இது சேர்க்கும் நேரம்.

"பார்க்கணும்" என்ற சொல்

இப்போது மேலே இருக்கும் துண்டை எடுங்கள். அடியில் இருப்பதையோ நடுவில் இருப்பதையோ தேடி எடுக்க வேண்டாம். எடுத்ததை மறுபடியும் ட்ரேயில் போடவும் கூடாது. முதல் கேள்வி: இதில் நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இல்லை என்றால் குப்பை, அல்லது ஃபைல், அல்லது "எப்போதாவது" என்று ஒரு கவர். மொட்டை மாடியில் கீரைத் தொட்டி வைக்கும் ஆசை என் கவரில் இருக்கிறது. அதற்கு இந்த வாரம் நான் எந்தக் கடனும் படவில்லை.

செய்ய வேண்டியது இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: முதலில் என்ன செய்வேன்? இங்கேதான் தமிழில் நமக்கு வசதியான ஒரு சொல் வந்து கெடுக்கிறது. பையனுக்கு டியூஷன் பார்க்கணும். வாடகைக்கு வீடு பார்க்கணும். டாக்டரைப் பார்க்கணும். பல்லைப் பார்க்கணும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கணும். என் 83 துண்டில் 31-ல் இந்த ஒரு சொல் இருந்தது. மீதியில் பாதியில் "விசாரிக்கணும்", "ஏற்பாடு பண்ணணும்", "முடிக்கணும்". இவை எல்லாம் பேச்சுக்கு நல்ல சொற்கள். ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்குக் களைத்து உட்கார்ந்திருக்கும்போது "டியூஷன் பார்க்கணும்" என்பதைப் படித்தால் கை எதை நோக்கிப் போக வேண்டும் என்று தெரியாது. கை அசையாது. அந்த வரி நாளைக்குப் போகும்.

நான் பயன்படுத்தும் சோதனை இது. இந்த வேலையைச் செய்யும்போது யாராவது தூரத்திலிருந்து என்னை வீடியோ எடுத்தால், அதில் என்ன தெரியும்? "டியூஷன் பார்ப்பது" வீடியோவில் தெரியாது. "கீழ் வீட்டு அக்காவுக்குப் போன் செய்து அவங்க பெண் எங்கே கணக்கு டியூஷன் போகிறாள் என்று கேட்பது" தெரியும். போன் காதில் இருக்கும், வாய் அசையும். "பல்லைப் பார்க்கணும்" என்பது "பல் டாக்டர் கிளினிக்குக்குப் போன் போட்டு சனிக்கிழமை நேரம் கேள்" என்று ஆகும். கிளினிக் நம்பரையும் அதே துண்டில் எழுதிவிடுங்கள். நம்பர் தேடுவது என்பது பாதி நேரம் அந்த வேலையை நிறுத்தி வைக்கும் கல். நம்பரே கையில் இல்லை என்றால், அடுத்த வேலை போன் செய்வது இல்லை, "பழைய மருந்துச் சீட்டில் கிளினிக் நம்பரை எடு" என்பதுதான்.

இதை இப்படி எழுதுவதால் மனசு லேசாவதற்கு ஒரு காரணமும் உண்டு. முடித்த வேலையைவிட பாதியில் நின்ற வேலை நினைவில் அதிகம் தங்குகிறது என்று ப்ளூமா ஜெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் எழுதினார். பிறகு செய்த சோதனைகளில் எல்லாம் அதே முடிவு வரவில்லை. எனக்கு அதைவிட உபயோகமாகத் தெரிவது மாசிகம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு. முடியாத வேலை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வேறொன்றைப் படித்தவர்களுக்கு அந்த நினைப்பு குறுக்கே வந்துகொண்டே இருந்தது. அந்த வேலையை எப்படிச் செய்யப் போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதியவர்களுக்கு அந்தத் தொந்தரவு குறைந்தது. வேலை அப்போதும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறுமனே குறித்து வைப்பதைத் தாண்டி, அடுத்த அடியை முடிவு செய்வது இங்கே பெரிய வேலை செய்கிறது.

ஈபி பெயர் மாற்றம்

ஒரு துண்டை முழுதாகச் சொல்கிறேன். அதில் "ஈபி பேரு மாத்தணும்" என்று இருந்தது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். ஊரில் அம்மா இருக்கும் வீட்டின் மின் இணைப்பு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. டைரியில் ஏற்கெனவே "ஈபி ஆபீஸ் போகணும்" என்று எழுதி ஆறு வாரம் ஆகியிருந்தது. இரண்டு முறை ஊருக்குப் போயும் அந்த ஆபீஸ் பக்கம் போகவில்லை. சோம்பல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் எழுதியது, முடிந்தால் எப்படி இருக்கும் என்பது: "வீட்டு மின் கட்டண ரசீது அம்மா பெயரில் வருகிறது." ஒரே வேலையில் முடியாதது எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு வரி எழுதுங்கள். அது தனித் தாளில், "நடந்துகொண்டிருப்பவை" என்ற பட்டியலில் இருக்கும்.

அப்புறம் அடுத்த வேலை. "ஈபி ஆபீஸ் போ." வீடியோவில் தெரியுமா? தெரியும். ஆனால் ஏன் ஆறு வாரமாக நடக்கவில்லை? அந்த ஆபீஸ் வாசலில் நான் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். கையில் என்ன இருக்கும்? அப்பாவின் இறப்புச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ்? அது அண்ணனிடம், கோவையில். அது இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கால் நகரவில்லை. அடுத்த வேலைக்கு முன்னால் இன்னொரு வேலை ஒளிந்திருந்தது. ஒரு வரி பல வாரம் நகராமல் கிடந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்; உங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன் அதற்கு முந்தின அடியைத் தேடுங்கள்.

துண்டில் எழுதியது: "அண்ணனுக்குப் போன்: வாரிசுச் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, ஜெராக்ஸ் ரெண்டு கூரியர்ல போடச் சொல்லு." போன் செய்து பேச மூன்று நிமிடம் ஆனது. "இதுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தே, அன்னைக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றான் அண்ணன்.

பேசியதும் அந்தத் துண்டு முடிந்துவிடவில்லை. பந்து இப்போது அவனிடம் இருக்கிறது. ஆகவே "காத்திருப்பவை" என்ற பட்டியலில் ஒரு வரி: "அண்ணன், வாரிசுச் சான்றிதழ், கேட்டது 30 நவம்பர்." தேதி இல்லாமல் இந்தப் பட்டியலில் எதையும் எழுதாதீர்கள். தேதி இருந்தால், பத்து நாள் கழித்து மறுபடி கேட்கும்போது "அப்பவே கேட்டேனே" என்று குரலை உயர்த்த வேண்டியதில்லை. எப்போது கேட்டோம் என்று நமக்கே தெரியும்.

மீதித் துண்டுகள்

மற்றவை இவ்வளவு நேரம் எடுக்காது. பக்கத்து வீட்டு அக்கா பிளம்பர் நம்பர் கேட்டிருந்தார். எடுத்தேன், அனுப்பினேன், துண்டைக் கிழித்தேன். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறதை எழுதி வைப்பதைவிடச் செய்துவிடுவது மேல். ஆனால் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் நேரத்துக்கு மட்டும்தான் இந்த விதி. நாள் முழுக்க இதைப் பின்பற்றினால் வருகிற ஒவ்வொரு செய்திக்கும் எழுந்து ஓடிக்கொண்டே இருப்போம்.

சித்தி மகள் கல்யாணப் பத்திரிகை: சென்னையில், பிப்ரவரி 8, ஞாயிறு. இதில் இரண்டு தேதி ஒளிந்திருந்தது. கல்யாண நாள் காலண்டருக்குப் போயிற்று. டிக்கெட்? ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கும், பயண நாளைச் சேர்க்காமல். வெள்ளி இரவு, 6-ம் தேதி கிளம்புவதாக இருந்தால் டிசம்பர் 8 காலை எட்டு மணி. அன்றைக்கு முன்னால் செய்யவும் முடியாது, விட்டால் வெயிட்டிங் லிஸ்ட். இந்த மாதிரி, குறிப்பிட்ட நாளில் மட்டும் செய்ய முடிகிறதைத்தான் காலண்டரில் எழுத வேண்டும். "செவ்வாய்க்கிழமை செய்தால் நல்லது" என்பதை எல்லாம் அதில் எழுதினால், செவ்வாய் செய்யாமல் புதனுக்குத் தள்ளி, புதனிலிருந்து வியாழனுக்குத் தள்ளி, கடைசியில் காலண்டரில் எது நிஜம் என்று நமக்கே தெரியாமல் போகும். பத்திரிகை எல்லாம் குறித்தானதும் அலமாரிக்குப் போயிற்று.

தையல் கடை ரசீது காத்திருப்பவையில். கடிகார பேட்டரி, மாமியாரின் மூட்டு வலித் தைலம், மிக்ஸி ஜார் மூன்றும் "வெளியே போகும்போது" என்ற ஒரே தாளில். அந்தத் தாள் கைப்பையில் இருக்கும். போன் செய்ய வேண்டியவை இன்னொரு தாளில். ஆபீஸில் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் கிடைத்தால் அந்தத் தாளை எடுத்து மேலிருந்து கீழாகப் போகிறேன். புதியவர்களுக்கு இந்த இரண்டு தாளும் காலண்டரும் நடந்துகொண்டிருப்பவையும் காத்திருப்பவையும் போதும். அவசரம், முக்கியம் என்று வண்ணம் வண்ணமாகப் பிரிக்கத் தொடங்கினால் பிரிப்பதே வேலையாகிவிடும்.

அன்றைக்கு 83-ல் 52 தீர்ந்தது. மீதியைத் திங்கள், செவ்வாய் ராத்திரிகளில் அரை மணி நேரம் உட்கார்ந்து முடித்தேன். இப்போது தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் பதினைந்து நிமிடம், ஏழெட்டுத் துண்டு இருக்கும். இரண்டு நாள் விட்டால் சமாளிக்கலாம், ஐந்தாவது நாளில் ட்ரே மேல் நம்பிக்கை போய்விடும். போனது நமக்கே தெரியும்: செய்தியைப் படிக்காதது போல் விட்டு வைக்கத் தொடங்குவோம், உள்ளங்கையில் எழுதுவோம், ராத்திரி படுத்ததும் ஒன்று ஞாபகம் வந்து எழுந்து உட்காருவோம். அப்படி ஆனால் புதிதாக எதையும் மாற்ற வேண்டாம். மேல் துண்டை எடுத்துத் தொடங்கினால் போதும். ஒரே விஷயம் மூன்றாவது தடவை துண்டாக வந்திருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். ஒன்று அதன் அடுத்த வேலை தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் அதைச் செய்வதாக நாம் இன்னும் முடிவே செய்யவில்லை. இரண்டாவது என்றால், கேட்டவரிடம் "இது என்னால முடியாதுங்க" என்று போன் செய்து சொல்வதுதான் அடுத்த வேலை. ஒரு துண்டை அப்படித்தான் தீர்த்தேன், குடியிருப்போர் சங்கத்துக்குக் கணக்கு எழுதித் தருவதாகச் சொன்னதை. சங்கடமாக இருந்தது. ஆனால் அவர்கள் மறுநாளே வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் அனுப்பிய கூரியர் வியாழக்கிழமை வந்தது. உறையை நேராக ட்ரேயில் போட்டேன். ராத்திரி எடுத்தபோது காத்திருப்பவையில் அந்த வரியை அடித்துவிட்டு, போன் தாளில் இன்னொன்று எழுதினேன்: "அம்மாவுக்கு: பீரோவில் பழைய ஈபி கார்டு இருக்கா, மேலே இருக்கும் இணைப்பு எண்ணைப் படிக்கச் சொல்லணும். காலை எட்டுக்குள், அவங்க கோயிலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி."